அடிப்படை பிளாக் வரைதல்: டாட் எங்கிருந்து வருகிறது

மார்புச் சுற்றளவு 36 அங்குலம் உள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒரே காகிதத்தை வைத்து வெட்டிய ரவிக்கை ஒருவருக்குக் கச்சிதமாக உட்காருகிறது. மற்றவருக்கு முன்பக்கம் இடுப்பை விட்டு மேலே ஏறுகிறது, கைக்குழியின் முன்னோரத்தில் துணி மடிந்து வாய் பிளக்கிறது. டேப் இருவருக்கும் 36 என்றுதான் காட்டியது. அந்த 36 உடம்பைச் சுற்றி எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அது காட்டவில்லை. முதலாமவருக்கு முதுகு அகலம், மார்பகம் சிறியது. இரண்டாமவருக்கு முதுகு குறுகல், மார்பகம் நிறைவானது.

இந்த வேறுபாட்டைச் சுற்றளவு மறைத்துவிடும், நீளம் காட்டிக்கொடுத்துவிடும். தோளிலிருந்து மார்பகத்தின் மேல் ஏறி இறங்கி இடுப்புக்கு வரும் தூரம், முதுகு வழியாக இடுப்புக்கு வரும் தூரத்தைவிட அதிகம். எவ்வளவு அதிகமோ அவ்வளவு துணி முன்பக்கத்துக்குக் கூடுதலாக வேண்டும். அந்தக் கூடுதல் துணி விலாவோரத்தில் மிஞ்சும். அதைப் பிடித்துத் தைப்பதுதான் டாட். இந்த அத்தியாயத்தில் வரையப்போகும் பிளாக் முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

பிளாக் என்று சொல்வது உடுத்தும் உடை அல்ல. கழுத்தை ஒட்டிய கழுத்து, கை இல்லாத கைக்குழி, இடுப்போடு முடியும் நீளம், தையலுக்கு விடும் துணி கிடையாது, கொக்கிப்பட்டி கிடையாது. ரவிக்கை, சுடிதார் டாப், கவுன் எதை வெட்டினாலும் இந்த அட்டையைப் பிரதியெடுத்து அதன்மேல்தான் மாற்றங்களைச் செய்வோம். அதனால் இதில் அலங்காரத்துக்கு இடமில்லை, உடம்புக்கு மட்டுமே இடம்.

அளவு எடுத்தல்

உடைக்குள் வழக்கமாக அணியும் பிராவையே அளவு எடுக்கும்போதும் அணிந்திருக்க வேண்டும். பிரா மாறினால் மார்பு முனையின் உயரமே மாறிவிடும். இடுப்பின் ஒடுங்கிய இடத்தில் ஒரு நாடாவைக் கட்டுங்கள். உடம்பைச் சற்று இப்படியும் அப்படியும் அசைத்தால் நாடா தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். சேலை கட்டும் இடம் இதற்குக் கீழே இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலியைப் போடச் சொல்லுங்கள். அது தோளின் மேல் எங்கே படிகிறதோ, அதுவே கழுத்தும் தோளும் சந்திக்கும் இடம். இதைக் கழுத்து முனை என்று அழைப்போம். தலையைக் குனிந்தால் கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்பைப் பிடரி என்போம். அக்குளின் மட்டத்துக்கு ஒரு தடித்த அட்டைத் துண்டை அக்குளில் கிடையாக வைத்துக் கையை இறக்கச் சொல்லுங்கள். அட்டையின் மேல்விளிம்பு நிற்கும் மட்டத்தை முதுகில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டுக்கு நாம் வைத்துக்கொள்ளும் அளவுகள், அங்குலத்தில்:

மார்புச் சுற்றளவு 36
இடுப்புச் சுற்றளவு 30
கழுத்துச் சுற்றளவு 14
முழுத் தோள், பின்புறமாக 14½
ஒரு பக்கத் தோள் நீளம் 4¾
பின் அகலம், கைக்குழிக்குக் கைக்குழி 14
முன் அகலம், அதேபோல் 13
பிடரியிலிருந்து அக்குள் மட்டம் 7½
பிடரியிலிருந்து இடுப்பு 15
முன் நீளம், கழுத்து முனையிலிருந்து மார்பு முனை வழியாக இடுப்பு 17
கழுத்து முனையிலிருந்து மார்பு முனை 10
மார்பு முனைகளின் இடைவெளி 7½

இவற்றில் முன் நீளத்தை இரண்டு முறையாவது எடுத்துப் பாருங்கள். டேப் கழுத்து முனையில் தொடங்கி, மார்பு முனையைத் தொட்டு, அங்கிருந்து நேரே கீழே நாடாவுக்கு வர வேண்டும். நடுமார்பை நோக்கிச் சாய்ந்தால் அரை அங்குலம் குறைந்துவிடும், அந்த அரை அங்குலமும் டாட்டிலிருந்துதான் போகும்.

பல கையேடுகளில் கைக்குழியின் ஆழத்தையும் தோளையும் மார்புச் சுற்றளவின் பின்னமாகவே கணக்கிட்டுவிடுகிறார்கள். அளவு எடுக்க வராத வாடிக்கையாளருக்கு அது உதவும். ஆனால் நிறைவான மார்பகம் உள்ளவருக்கு அந்தக் கணக்கு கைக்குழியை ஆழமாக்கிவிடும். கைக்குழி ஆழமானால் கையைத் தூக்கும்போதெல்லாம் ரவிக்கை முழுவதும் கூடவே மேலே ஏறும். உடம்பு முன்னால் நிற்கும்போது டேப்பை நேராகவே வைத்துவிடுங்கள்.

பின் பாகம்

பிளாக்கில் பாதி உடம்பை மட்டும் வரைகிறோம். பிரவுன் ஷீட்டின் இடது ஓரத்தில் ஒரு நேர்க்கோடு போடுங்கள், அது முதுகின் நடுக்கோடு. அதன் மேல்முனை பிடரி. அங்கிருந்து 8 அங்குலம் கீழே ஒரு குறி, அக்குள் மட்டமான 7½ உடன் கை அசைய அரை அங்குலம் சேர்த்தது. 15 அங்குலத்தில் இன்னொரு குறி, அது இடுப்பு. இரண்டு இடத்திலிருந்தும் எல் ஸ்கேலை வைத்துக் கிடைக்கோடு இழுங்கள். முதல் கோடு மார்புக்கோடு, இரண்டாவது இடுப்புக்கோடு. பிடரிக்கும் மார்புக்கோட்டுக்கும் நடுவே, 4 அங்குலத்தில், பின் அகலக் கோடு.

கழுத்து அகலம் கழுத்துச் சுற்றளவில் ஐந்தில் ஒன்று, 2¾ என்று வைத்துக்கொள்ளலாம். பிடரியிலிருந்து வலப்பக்கம் 2¾ போய் அங்கிருந்து ¾ மேலே ஏறினால் கழுத்து முனை. பிடரியிலிருந்து முதல் அங்குலம் கிடையாகவே போய், பிறகு மேலேறும் வளைவு பின்கழுத்து. இந்த ¾ ஏற்றத்தை மனதில் வைத்திருங்கள். பின்பக்கத்தில் கழுத்து முனையிலிருந்து இடுப்புக்கு உள்ள தூரம் 15 அல்ல, 15¾. டாட்டின் கணக்கு இந்த எண்ணிலிருந்துதான் வரும்.

தோளின் சாய்வு 1½ அங்குலம். கழுத்து முனையின் மட்டத்திலிருந்து 1½ கீழே ஒரு மெல்லிய கிடைக்கோடு போட்டு, நடுக்கோட்டிலிருந்து 7½ அங்குலத்தில் குறித்தால் தோள் முனை. முழுத் தோளில் பாதி 7¼, அதனுடன் கால் அங்குலம் சேர்த்திருக்கிறோம். கழுத்து முனையையும் இதையும் இணைத்து அளந்தால் 5 அங்குலம் வரும். உடம்பில் எடுத்த தோள் நீளம் 4¾ தானே என்று தோன்றும். அந்தக் கால் அங்குலம் வேண்டுமென்றே விட்டது. முதுகில் தோள்பட்டை எலும்பு புடைத்திருப்பதால், பின்தோளைச் சற்று நீளமாக விட்டு, தைக்கும்போது முன்தோளுக்குச் சமமாகச் சுருக்கி ஏற்ற வேண்டும். தைத்த பிறகு சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது, முதுகில் இழுப்பும் இருக்காது.

இனி அகலம். மார்பு 36 உடன் மூச்சுவிடவும் அசையவும் 2 அங்குலம் லூஸ் சேர்த்தால் 38, பாதி உடம்புக்கு 19. இதில் பின்னுக்கு 9¼, முன்னுக்கு 9¾. மார்புக்கோட்டில் 9¼ குறியுங்கள், அது பின் கைக்குழியின் அடி. பின் அகலக் கோட்டில் 7¼ குறியுங்கள், அகலத்தின் பாதியோடு கால் அங்குலம் லூஸ். அங்கிருந்து செங்குத்தாக மார்புக்கோட்டுக்கு ஒரு மெல்லிய கோடு இறக்கினால் ஒரு மூலை கிடைக்கும். மூலையிலிருந்து சாய்வாக வெளியே, அதாவது கைக்குழியின் பக்கமாக 1 அங்குலத்தில் புள்ளி வையுங்கள். தோள் முனை, 7¼ குறி, மூலைப் புள்ளி, கைக்குழியின் அடி ஆகிய நான்கையும் பிரெஞ்சு கர்வால் இணையுங்கள். கைக்குழியின் அடிக்கு வந்து சேரும் கடைசி அரை அங்குலம் மார்புக்கோட்டோடு படிந்தே போக வேண்டும். இல்லாவிட்டால் முன் பாகத்தோடு சேரும்போது அக்குளில் ஒரு முனை துருத்தும்.

இடுப்புக்கு 1 அங்குலம் லூஸ் சேர்த்து 31, பாதிக்கு 15½. பின்னுக்கு 7½. இடுப்புக்கோட்டில் 8½ குறித்து, அதிலிருந்து கைக்குழியின் அடிக்கு விலாக்கோடு இழுங்கள். மிச்சமுள்ள 1 அங்குலம் பின் டாட். நடுக்கோட்டிலிருந்து 3¾ தள்ளி அதன் மையத்தை வைத்து, மார்புக்கோட்டுக்கு 1 அங்குலம் கீழேயே முடித்துவிடுங்கள்.

முன் பாகம்

இன்னொரு தாளில் வலது ஓரத்தில் முன் நடுக்கோடு போடுங்கள். இங்கே கணக்கை மேலிருந்து தொடங்குகிறோம். மேல்முனையை கழுத்து முனையின் மட்டமாக வைத்து, அங்கிருந்து 8¾ அங்குலத்தில் மார்புக்கோடு. பின்பக்கத்திலும் கழுத்து முனையிலிருந்து மார்புக்கோடு 8¾ தான், 8 உடன் அந்த ¾ சேர்ந்தது. இரண்டு கைக்குழிகளும் ஒரே ஆழமாக இருக்க இதுவே வழி. ஆனால் இடுப்புக்கோட்டை முன் நீளமான 17 அங்குலத்தில் போடுங்கள்.

இப்போது விலாவைப் பாருங்கள். பின் பாகத்தில் மார்புக்கோட்டிலிருந்து இடுப்புக்கு 7 அங்குலம். முன் பாகத்தில் 8¼. தைக்கும்போது இரண்டும் சேர வேண்டும், முன்பக்கம் 1¼ கூடுதல். 17 இலிருந்து 15¾ போனால் வரும் அதே 1¼. எந்தச் சூத்திரத்திலிருந்தும் வராமல் இந்த உடம்பிலிருந்தே வந்த டாட் இது.

முதலில் சொன்ன இரண்டாவது பெண்ணுக்கு முன் நீளம் 18 என்றால் டாட் 2¼. மார்பு அதே 36. அவருக்கு 1¼ டாட்டை வைத்தால் மீதி 1 அங்குலத்துக்கு ரவிக்கை இடுப்பிலிருந்து துணியை மேலே இழுத்துக்கொள்ளும். முன்பக்கம் ஏறிப்போகும் ரவிக்கைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அவருக்கு மார்பின் பங்கீட்டையும் முன்னுக்கு 10, பின்னுக்கு 9 என்று மாற்றுவது நல்லது. டாட் 2 அங்குலத்தைத் தாண்டினால் ஒரே இடத்தில் பிடிக்காமல், பாதியை விலாவிலும் பாதியைக் கைக்குழியிலுமாகப் பிரிப்பேன். ஒரே பெரிய டாட் நுனியில் கூம்பாகக் குத்தி நிற்கும்.

மீண்டும் தாளுக்கு வருவோம். நடுக்கோட்டின் மேல்முனையிலிருந்து பக்கவாட்டில் 2¾, கீழே 2¾ குறித்து வட்டத்தின் கால்பாகம்போல் இணைத்தால் முன்கழுத்து. 1½ சாய்வில் நடுக்கோட்டிலிருந்து 7¼ தள்ளித் தோள் முனை, இணைத்தால் தோள் சரியாக 4¾. மேல் மட்டத்திலிருந்து 5 அங்குலத்தில் முன் அகலக் கோடு, அதில் குறி 6¾. மார்புக்கோட்டில் 9¾. மூலையிலிருந்து சாய்வாக 1 அங்குலம் என்பது இங்கும் அதேதான். முன் மூலை நடுக்கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக இருப்பதால் வளைவு தானாகவே பின்னைவிட அதிகம் குடைந்து வரும். கை முன்னோக்கி அசைவதால் அப்படி வருவதுதான் சரி.

கழுத்து முனையிலிருந்து 10 அங்குலம் கீழே, நடுக்கோட்டிலிருந்து 3¾ தள்ளி மார்பு முனை. டேப்பைச் சற்றுச் சாய்வாகத்தான் வைத்தோம், ஆனால் அந்தச் சாய்வால் வரும் வித்தியாசம் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. மார்பு முனை மார்புக்கோட்டுக்கு 1¼ கீழே விழுகிறது. அக்குளுக்கும் முனைக்கும் இப்படி இடைவெளி இருப்பது இயல்பு, இரண்டையும் ஒரே கோட்டில் இழுத்து வைத்துவிடாதீர்கள்.

இடுப்பில் முன்னுக்கு 8, டாட்டுக்கு 1, ஆக 9 குறித்து விலாக்கோடு இழுங்கள். இடுப்பு டாட் மார்பு முனைக்கு நேர் கீழே, இருபக்கமும் அரை அரை அங்குலம். விலா டாட்டுக்கு, கைக்குழியின் அடியிலிருந்து விலாக்கோட்டில் 2 அங்குலம் இறங்கி ஒரு குறி, அங்கிருந்து 1¼ இறங்கி இன்னொரு குறி. இரண்டிலிருந்தும் மார்பு முனைக்குக் கோடு இழுங்கள். இவை வழிகாட்டிக் கோடுகள்தான். தைக்கும் டாட் மார்பு முனைவரை போகக் கூடாது. விலா டாட்டின் நுனியை 1 அங்குலம் முன்னதாகவும், இடுப்பு டாட்டின் நுனியை ¾ அங்குலம் கீழேயும் நிறுத்துங்கள். மார்பகம் உருண்டையானது, டாட் முனைவரை ஓடினால் அந்த உருண்டைக்கு இடம் இல்லாமல் ஒரு கூர்மை மட்டும் மிஞ்சும்.

விலா டாட்டை இன்னும் வெட்ட வேண்டாம். காகிதத்தில் டாட்டின் கீழ்க்கோட்டையும் மேல்கோட்டையும் சேர்த்து, மடிப்பு இடுப்பை நோக்கி இருக்குமாறு மடியுங்கள். மடித்த நிலையிலேயே விலாக்கோட்டை ஸ்கேலால் நேராக்கி வெட்டுங்கள். விரித்தால் டாட்டின் வாயில் ஒரு சிறிய அலகு நீட்டிக்கொண்டிருக்கும். அது இல்லாமல் நேராக வெட்டிய டாட்டைத் தைக்கும்போது மடிப்பின் ஓரம் விலாத்தையலுக்குள் சிக்காமல் வழுவிப்போகும். இடுப்பு டாட்டுகளுக்கும் அப்படியே செய்யுங்கள், அங்கே மடிப்பு நடுக்கோட்டைப் பார்க்கட்டும்.

காகிதத்திலேயே சரிபார்ப்பது

டாட்டை மடித்தபடி முன் விலாவைப் பின் விலாவோடு வைத்துப் பாருங்கள், இரண்டும் 7 அங்குலம் வர வேண்டும். தோள்களை ஒட்டிவைத்தால் கழுத்தும் கைக்குழியும் உடைப்பில்லாமல் ஓட வேண்டும். டேப்பை நிமிர்த்தி நிறுத்தி வளைவுகளின் மேல் நடத்தினால், பாதிக் கழுத்து ஏறத்தாழ 7¼ வரும். இரண்டு பாகமும் சேர்ந்த கைக்குழி 17½ அங்குலத்தை ஒட்டி வரும். தோள் முனையையும் அக்குளையும் சுற்றி உடம்பில் எடுத்த கைக்குழிச் சுற்றளவைவிட இது 1 முதல் 1½ அங்குலம் வரை கூடுதலாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் மூலைப் புள்ளியை அதிகம் குடைந்திருக்கிறீர்கள், அல்லது முன் அகலத்தைக் குறைத்து எடுத்திருக்கிறீர்கள்.

மாதிரித் துணி

காகிதம் சரியாக இருந்தாலும் உடம்பின் மேல் போட்டுப் பார்க்காமல் பிளாக்கை நம்பக் கூடாது. காடாத் துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, நடுக்கோடுகள் நேர் நூலில் விழுமாறு வைத்து வெட்டுங்கள். கழுத்திலும் கைக்குழியிலும் அரை அங்குலம், விலாவிலும் தோளிலும் 1 அங்குலம், முன் நடுவில் ஊசி குத்த 1 அங்குலம் விட்டால் போதும். பெரிய தையல் வைத்து மெஷினில் ஓட்டுங்கள், பிரிக்கச் சுலபமாக இருக்கும். மார்புக்கோட்டையும் இடுப்புக்கோட்டையும் துணியின் மேலேயே பேனாவால் போடுங்கள். அணிந்தபின் இந்தக் கோடுகள் தரைக்கு இணையாக நிற்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி.

இடுப்புக்கோடு முன்னால் மேலேறினால் முன் நீளம் போதவில்லை. விலாவிலிருந்து மார்பு முனையை நோக்கிச் சாய்ந்த இழுப்புக்கோடுகளும் அதையே சொல்லும். டாட்டின் வழியாகக் காகிதத்தைக் கிடையாக அறுத்து, குறைந்த அளவைத் திறந்து, அதே அளவுக்கு டாட்டை அகலமாக்க வேண்டும். பின்னால் இடுப்புக்கு மேல் கிடை மடிப்பு விழுந்தால் பின் நீளம் அதிகம். அதைக் குறைக்கும்போது விலாவும் குறையும், எனவே டாட்டும் மாறும்.

அதிகம் பார்க்கக்கூடிய குறை கைக்குழியின் முன்னோரத்தில் துணி வாய் பிளப்பது. விலா டாட் மார்பகத்தின் முழுக் கூடுதலையும் எடுத்துக்கொள்ளாதபோது மிச்சம் அங்கே போய் நிற்கும். கைக்குழியின் விளிம்பைக் கத்தரித்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள், ஓட்டைதான் பெரிதாகும். தளர்வாக நிற்கும் துணியை விரலால் கிள்ளி ஊசி குத்தி அளந்துகொள்ளுங்கள். அரை அங்குலம் என்று வைப்போம். காகிதத்தில் அதே இடத்தில், கைக்குழியின் விளிம்பில் அரை அங்குல அகலமும் மார்பு முனையில் பூஜ்யமுமாக ஓர் ஆப்பு வரையுங்கள். விலா டாட்டின் மேல்கோட்டை விலாவிலிருந்து மார்பு முனைவரை அறுங்கள், முனையில் ஒரு நூலளவு விட்டு. இப்போது கைக்குழி ஆப்பை மடித்து மூடினால் விலா டாட் தானாகவே விரியும். கைக்குழியில் மூடியது அரை அங்குலம் என்றால் விலாவில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே திறக்கும், ஏனென்றால் மார்பு முனையிலிருந்து விலா இன்னும் தள்ளி இருக்கிறது. எவ்வளவு என்று நீங்கள் கணக்கிட வேண்டாம், காகிதமே காட்டும். அடியில் வேறு தாளை ஒட்டி, புதிய டாட்டை மடித்து, விலாக்கோட்டை மீண்டும் வெட்டுங்கள். பிறகு பாதி உடம்புக்கு மட்டுமாவது புது மாதிரி தைத்துப் பாருங்கள்.

தோள் முனையில் மட்டும் துணி தூக்கி நிற்கிறதென்றால் அது தோள் சாய்வின் குறை. 1½ என்பது சராசரிச் சாய்வு. தோள் சரிந்தவருக்கு 1¾ அல்லது 2 வேண்டும். தோள் முனையை இறக்கும்போது கைக்குழியின் அடியையும் அதே அளவு இறக்கினால்தான் கைக்குழி சுருங்காது. அடி இறங்குவதால் விலா முன்னும் பின்னும் ஒரே அளவு குறையும், டாட் அப்படியே இருக்கும்.

இந்த பிளாக் காட்டன், பாப்ளின், பட்டு போன்ற நீளாத துணிகளுக்கு உரியது. நீளும் பனியன் துணிக்கு லூஸும் டாட்டும் வேறு கணக்கு, இதைக் குறுக்கிப் பயன்படுத்த முடியாது. ஒட்டிப்பிடிக்கும் சேலை ரவிக்கைக்கு 2 அங்குல லூஸும் அதிகமாகத் தோன்றும். அதை ரவிக்கைக்கான பிரதியில் குறையுங்கள், பிளாக்கில் கைவைக்காதீர்கள்.

திருத்தங்கள் முடிந்தபின் கோடுகளைத் தடித்த அட்டைக்கு மாற்றுங்கள். டாட் நுனிகளிலும் மார்பு முனையிலும் பென்சில் நுனி நுழையும் துளை போடுங்கள். பின் அகலக் கோடும் முன் அகலக் கோடும் கைக்குழியைத் தொடும் இடங்களில் சிறு வெட்டுக் கொடுங்கள், கை வைக்கும்போது அவை தேவைப்படும். அட்டையின் மேல் பெயர், தேதி, மார்பு, இடுப்பு, லூஸ் எவ்வளவு சேர்த்தது, முன் நீளம், பின் நீளம், தையலுக்கு விடவில்லை என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். உடம்பின் எடை கூடிக் குறைந்தாலோ, பிரசவத்துக்குப் பிறகோ, அந்த முன் நீளத்தையும் பின் நீளத்தையும் மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கால் அங்குலத்துக்கு மேல் மாறியிருந்தால் முன் பாகத்தைப் புதிதாக வரையுங்கள்.